முதல் எழுத்து அச்சேறியபோது அவருக்கு என்ன வயது? தேதியிட்ட படைப்புப் பட்டியல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பனில், சாட்ஸ்வர்த்தில், எங்கள் தமிழ்ச் சங்கத்தின் சின்ன நூலகத்தைப் பல வருடங்களாக நான் பார்த்துக்கொள்கிறேன். இங்கே எழுதியவர்களின் படைப்புகளைத் தேதி வாரியாக அடுக்கி, முதல் எழுத்து அச்சில் வந்தபோது அவர்களுக்கு என்ன வயது என்று கண்டுபிடிப்பது எனக்குப் பிடித்த வேலை. அதைப் பற்றிச் சங்கத்துக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். உதாரணத்துக்குக் காந்தியை அடிக்கடி இழுத்திருக்கிறேன். 1893 முதல் 1914 வரை அவர் வாழ்க்கையின் பெரும்பகுதி இந்த நாட்டில் கழிந்தது. நாள் வாரியாக இவ்வளவு துல்லியமாகத் தொகுக்கப்பட்ட எழுத்து நம் ஊரோடு தொடர்புள்ள வேறு யாருக்கும் கிடையாது. அவரிடம் முறையைக் கற்றுக்கொண்டால் நம் வாத்தியார்களுக்கும் புலவர்களுக்கும் அதை அப்படியே பயன்படுத்தலாம்.

புத்தகங்களின் பட்டியல் இணையத்திலேயே இருக்கிறதே, முதல் புத்தகத்தின் வருடத்தைப் பார்த்தால் போதாதா?

போதாது. புத்தகம் பெரும்பாலும் இரண்டாவது வாழ்க்கை. அதற்கு முன்பே அந்த எழுத்தாளர் பத்திரிகையில், பள்ளி மலரில், கோயில் விழா மலரில் வந்திருப்பார்.

நம் நாட்டின் நடீன் கார்டிமரைப் பாருங்கள். 1923 நவம்பர் 20 அன்று பிறந்தவர். முதல் சிறுகதைத் தொகுப்பு 1949-இல் வந்தது, முதல் நாவல் 1953-இல். தொகுப்பை வைத்துச் சொன்னால் ஏறக்குறைய 25 வயதில் எழுத வந்தவர் என்று ஆகிவிடும். ஆனால் ஒரு ஞாயிறு இதழின் சிறுவர் பகுதியில் 1937-லேயே அவருடைய குழந்தைக் கதை ஒன்று அச்சாகிவிட்டது. அப்போது அவர் பள்ளிச் சிறுமி. 12 வருட வித்தியாசம் ஒரே ஒரு வரியைச் சேர்த்ததால் வருகிறது.

அதனால் பட்டியலில் புத்தகத்துக்கு ஒரு வரி என்று வைக்காதீர்கள். அச்சான ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வரி வையுங்கள். ஒரே கதை முதலில் இதழில் வந்து, பிறகு தொகுப்பில் வந்தால் அது இரண்டு வரி.

சரி, எதை 'முதல் வெளியீடு' என்று சொல்வது?

இந்தக் கேள்விக்கு நீங்கள் பட்டியலைத் தொடங்கும் முன்பே பதில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பட்டியல் முடிந்த பிறகு முடிவு செய்தால், மனசுக்குப் பிடித்த வயதுக்கு ஏற்றபடி விதியை வளைத்துவிடுவோம். நானே அப்படிச் செய்திருக்கிறேன். எங்கள் ஊர்ப் புலவர் ஒருவர் சின்ன வயதிலேயே எழுதினார் என்று காட்டும் ஆசையில், அவர் பேசியதைப் பற்றி வந்த செய்தியை அவர் எழுத்தாகக் கணக்கில் எடுத்துவிட்டேன். பிறகு அதை அடித்துத் திருத்த வேண்டியதாயிற்று.

காந்தியை வைத்து இதை முழுதாகச் செய்து பார்ப்போம். பிறப்பு 1869 அக்டோபர் 2.

அவருடைய தொகுக்கப்பட்ட எழுத்துகளின் முதல் தொகுதியைத் திறந்தால், முதல் பக்கங்களிலேயே ராஜ்கோட் உயர்நிலைப் பள்ளியில் 1888 ஜூலை 4 அன்று அவர் பேசிய சில வரிகள் இருக்கும். இங்கிலாந்துக்குப் புறப்படும் முன் நடந்த பிரிவுபசாரத்தில் பேசியது. அது அதே மாதம் 12-ஆம் தேதி கத்தியவார் டைம்ஸில் செய்தியாக வந்தது. அப்போது அவருக்கு வயது 18. அவர் வாயிலிருந்து வந்த சொல் அச்சானது உண்மை. ஆனால் அதை எழுதி அனுப்பியது அவர் அல்ல, நிருபர் எழுதியது. என் விதிப்படி இது வெளியீட்டில் சேராது. பட்டியலில் இருக்கும், வயதுக் கணக்கில் இருக்காது.

அடுத்தது லண்டனில் வெளிவந்த தி வெஜிடேரியன் என்ற வார இதழ். 1891 பிப்ரவரி 7 முதல் மார்ச் 14 வரை ஆறு வாரம் தொடர்ந்து, இந்தியாவின் சைவ உணவுக்காரர்களைப் பற்றி அவர் கட்டுரை எழுதினார். இது அவரே எழுதி, அவர் பெயரோடு, பொதுமக்கள் காசு கொடுத்து வாங்கும் இதழில் வந்தது. வயது 21 வருடம் 4 மாதம்.

அப்புறம் டர்பன். 1894 டிசம்பரில் நேட்டால் சட்டசபை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதி, அதைத் தனிப் பிரசுரமாக அச்சிட்டார். தனியாகக் கையில் பிடிக்கும்படி வந்த முதல் அச்சு இதுதான் என்று எடுத்தால் வயது 25. புத்தகம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஹிந்த் ஸ்வராஜ் வந்தபோது வயது 40.

ஆக 18, 21, 25, 40. நான்கும் சரிதான், ஒவ்வொன்றும் வேறு கேள்விக்குப் பதில். என் பட்டியல்களில் ஒரே எண்ணை எழுதாமல், 'இதழில் முதல் எழுத்து', 'முதல் தனிப் பிரசுரம்', 'முதல் நூல்' என்று மூன்று வயதாக எழுதுகிறேன். இரண்டு எழுத்தாளர்களை ஒப்பிடும்போது ஒரே வகை வயதை மட்டும் பக்கத்தில் வைக்க வேண்டும். ஒருவருடைய இதழ் வயதையும் இன்னொருவருடைய நூல் வயதையும் பக்கத்தில் வைத்து 'இவர் சீக்கிரம் தொடங்கினார்' என்று விழா மேடையில் பேசுவதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

எழுதிய தேதியைப் போடுவதா, அச்சான தேதியைப் போடுவதா?

இரண்டையும், வேறு வேறு பத்தியில். காந்தியின் தொகுதிகளில் இதற்கு நல்ல ஏற்பாடு உண்டு. எழுதிய தேதி கட்டுரையின் மேலே வலது மூலையில் இருக்கும். மூலத்தில் தேதி இல்லாமல் தொகுப்பாளர்கள் ஊகித்ததாக இருந்தால் அது சதுர அடைப்புக்குள் இருக்கும். அச்சான தேதி கட்டுரையின் முடிவில், இதழின் பெயரோடு இருக்கும். இந்த ஒழுங்கைத் தெரியாமல் மேலே இருக்கும் தேதியைப் படியெடுத்து 'வெளியான தேதி' என்று எழுதிவிடுகிறவர்கள் நிறைய.

ஹிந்த் ஸ்வராஜ் இதற்குச் சரியான பாடம். லண்டனிலிருந்து திரும்பும் கப்பலில், 1909 நவம்பர் 13-க்கும் 22-க்கும் இடையே குஜராத்தியில் எழுதி முடித்தார். இந்தியன் ஒப்பீனியன் இதழில் டிசம்பர் 11, 18 ஆகிய இரண்டு தேதிகளில் வந்தது. நூலாக 1910 ஜனவரியில், ஆங்கிலத்தில் அதே ஆண்டு மார்ச்சில் வந்தது. எழுதியது, இதழில் வந்தது, நூலானது, மொழிபெயர்ப்பானது என்று நான்கு வரி. 'ஹிந்த் ஸ்வராஜ், 1909' என்றும் 'ஹிந்த் ஸ்வராஜ், 1910' என்றும் இரண்டு விதமாகப் பார்க்கிறோமே, இரண்டும் தப்பில்லை, எந்த வரியைச் சொல்கிறோம் என்பதுதான் வேறு.

எதிர்ப்பக்கத்தில் இன்னொன்று உண்டு. லண்டனுக்குப் படிக்கப் போகும் இந்திய மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டியை அவர் தென்னாப்பிரிக்காவுக்கு வந்த புதிதில் எழுதினார். அது அப்போது அச்சாகவே இல்லை, அவர் காலத்துக்குப் பிறகுதான் அச்சில் வந்தது. எழுதிய தேதியை வைத்து அடுக்கினால் அது 1890-களில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அச்சான வயதைத் தேடுகிறவர் அதைத் தாண்டிப் போக வேண்டும்.

தேதியே இல்லாத பிரசுரம் கிடைத்தால் என்ன செய்வது?

இரண்டு எல்லைகளைத் தேடுங்கள்: இதற்கு முன் இருக்க முடியாது, இதற்குப் பின் இருக்க முடியாது.

மேலே சொன்ன திறந்த கடிதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தொகுதியில் அதற்குக் கொடுத்திருக்கும் தேதி '1894 டிசம்பர் 19-க்கு முன்' என்பது, அதுவும் சதுர அடைப்புக்குள். ஏன் அந்த நாள்? அச்சான பிரதியை இணைத்து, நேட்டாலில் இருந்த ஐரோப்பியர்களின் கருத்தைக் கேட்டு அவர் அனுப்பிய கடிதத்தின் தேதி டிசம்பர் 19. அன்றைக்குப் பிரதி கையில் இருந்தால் அதற்கு முன்பே அச்சாகியிருக்க வேண்டும். பின் எல்லை இப்படிக் கிடைக்கிறது. அவருடைய பிறந்த நாள் அக்டோபரில் வருவதால், டிசம்பரில் எந்த நாள் என்று தெரியாவிட்டாலும் வயது 25 என்பதில் மாற்றமில்லை. நாள் தெரியாததைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன், அந்த இடைவெளிக்குள் பிறந்த நாள் விழுகிறதா என்று பாருங்கள். விழவில்லை என்றால் வேலை முடிந்தது.

நம் ஊர்ப் பிரசுரங்களில் எனக்கு அதிகம் கைகொடுத்தது விலை. ஷில்லிங், பென்ஸ் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் 1961-க்கு முந்தியது. ராண்டும் சென்ட்டும் 1961 பிப்ரவரி 14 அன்றுதான் வந்தன. அதனால் சென்ட்டில் விலை அச்சாகியிருந்தால் அதற்கு முன் இருக்க முடியாது. பேனாவில் எழுதிய விலையையும் ஒட்டிய சீட்டையும் நம்பாதீர்கள், அவை கடைக்காரர் பிறகு போட்டவை. அச்சுக்கூடத்தின் முகவரியும் உதவும், ஒரே அச்சுக்கூடம் இடம் மாறியிருந்தால் எந்தத் தெருவில் இருந்தபோது அச்சிட்டது என்று தெரியும். முன்னுரையில் யாரையாவது 'காலஞ்சென்ற' என்று சொல்லியிருந்தால், அவர் இறந்த நாளுக்குப் பிந்தியது.

நூலகத்தின் முத்திரையில் உள்ள தேதி பின் எல்லைக்கு மட்டுமே ஆகும். புத்தகம் அலமாரிக்கு வருவதற்கு முன் பத்து வருடம் யாருடைய வீட்டிலாவது இருந்திருக்கலாம்.

பழைய புத்தகத்தில் 'பிலவ வருஷம்' என்று மட்டும் இருக்கிறது. அதை எப்படி ஆங்கில வருடமாக்குவது?

இதில்தான் தமிழ் தெரிந்தவர்களால் மட்டுமே செய்யக்கூடிய வேலை இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அறுபது வருடச் சுற்றில் பிரபவ முதலாவது. நமக்கு நெருக்கமான பிரபவ 1987 ஏப்ரலில் தொடங்கியது. அதற்கு முந்தியவை 1927, 1867. பிலவ 35-ஆவது வருடம். ஆகவே 1987-உடன் 34 கூட்டினால் 2021, அறுபது கழித்தால் 1961, இன்னும் அறுபது கழித்தால் 1901. எந்தச் சுற்று என்பதைப் புத்தகத்திலுள்ள வேறு ஏதாவது ஒன்று சொல்ல வேண்டும்.

இரண்டாவது சிக்கல், தமிழ் வருடம் ஏப்ரல் நடுவில் பிறந்து அடுத்த ஏப்ரல் நடுவில் முடிகிறது. பிலவ என்றால் 1961 மட்டுமல்ல, 1962-இன் முதல் மூன்றரை மாதமும் பிலவதான். மாதம் கொடுத்திருந்தால் தெளிவாகிவிடும். சித்திரையிலிருந்து கார்த்திகை வரை 1961. தை, மாசி, பங்குனி 1962. மார்கழி இரண்டிலும் கால் வைக்கும்.

எங்கள் நூலகத்தில் ஒரு பாட்டுப் புத்தகம் இருக்கிறது. இங்கே பிறந்து, மாலை நேரத் தமிழ்ப் பள்ளியில் பாடம் சொன்ன ஒரு வாத்தியார் எழுதியது. தலைப்புப் பக்கத்தில் 'பிலவ வருஷம் மாசி மாதம்' என்று மட்டும் இருக்கிறது. பின் அட்டையில் அச்சான விலை 20 சென்ட். சென்ட் என்பதால் 1901 சுற்று போய்விட்டது. மாசி என்பதால் 1962 பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவு வரை. முன்னுரையின் கீழே 'மகாசிவராத்திரி' என்று கையெழுத்திட்டிருக்கிறார். அந்த வருடம் சிவராத்திரி மார்ச் முதல் வாரத்தில் வந்தது. முன்னுரை எழுதிய பிறகே அச்சு முடிந்திருக்கும், ஆக மார்ச் முதல் வாரத்துக்கும் மாசி முடியும் மார்ச் நடுவுக்கும் இடையில்.

அவருடைய பிறப்புச் சான்றில் 1924 மார்ச் 10 என்று இருக்கிறது. பிறந்த நாள் நேராக அந்த இடைவெளிக்குள் விழுகிறது. அதனால் என் பட்டியலில் '37 முடியும் தறுவாயில், அல்லது 38 தொடங்கியவுடன்' என்று எழுதி வைத்திருக்கிறேன். வருடத்தை மட்டும் பார்த்து 1961 என்று போட்டிருந்தால் 36 அல்லது 37 என்று வந்திருக்கும்.

பிறந்த தேதியை எங்கிருந்து எடுப்பது? குடும்பத்தார் ஆளுக்கொரு வருடம் சொல்கிறார்கள்.

எல்லோரும் வெளியீட்டுத் தேதிக்கு உழைத்துவிட்டு இதில் சறுக்குகிறார்கள். வயது இரண்டு தேதிகளுக்கு இடையே உள்ள தூரம், இந்த முனை ஆடினாலும் பதில் ஆடும்.

இங்கே பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்று முதலில். அதில் பிறந்த நாள், பதிவு செய்த நாள் இரண்டையும் பாருங்கள். பதிவு பல வருடம் பிந்தியிருந்தால், பிறந்த நாளைப் பள்ளியில் சேர்ப்பதற்காகத் தோராயமாகச் சொல்லியிருக்க வாய்ப்புண்டு. அப்போது ஜாதகம் இருந்தால் அதையே நம்புவேன். தமிழ் வருடம், மாதம், நாள், கிழமை, நட்சத்திரம் என்று ஐந்து விவரம் அதில் இருக்கும். ஐந்தும் ஒரே நாளில் பொருந்துகிறதா என்று பழைய பஞ்சாங்கத்தில் பார்க்கலாம். கிழமை பொருந்தவில்லை என்றால் எங்கோ படியெடுத்ததில் பிழை.

ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்தவர்களுக்கு வேறு வழி. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்தது முதல் 1911 வரை வந்த 1,52,184 பேருக்கும் கப்பல் பட்டியலில் ஒரு எண் உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா, மாவட்டம், உயரம், உடம்பிலுள்ள அடையாளம் எல்லாம் எழுதியிருப்பார்கள். ஆனால் அது வந்தபோதைய வயது, பிறந்த தேதி அல்ல. 20, 25, 30 என்று வட்டமான எண்கள் வந்தால் ஆளைப் பார்த்துப் போட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கிடைக்கும் வருடத்துக்கு முன்னும் பின்னும் சில வருடம் இடம் விட்டு, முடிவில் 'சுமார்' என்று எழுதுங்கள்.

வருடம் மட்டும்தான் தெரியும் என்றால் வயதை எப்படிக் கணக்கிடுவது?

இரண்டு வயதாகச் சொல்லுங்கள். கார்டிமர் கதை வெளியானது 1937 என்று மட்டும் வைத்தால், கழித்தால் 14. ஆனால் அவர் பிறந்தது நவம்பர் 20. அந்த வருடத்தில் அதற்கு முந்தைய எந்த நாளில் வந்திருந்தாலும் வயது 13. '13 அல்லது 14, பெரும்பாலும் 13' என்பதுதான் சரியான பதில். பிறந்த வருடமும் நாள் இல்லாமல் கிடைத்தாலும் இதே இரண்டு வயதுதான் வரும், எது அதிக வாய்ப்பு என்று மட்டும் சொல்ல முடியாது.

முழுத் தேதி இருந்தால் எக்செல் போட்டுவிடும் என்று நினைக்காதீர்கள். அது 1900-க்கு முந்தைய தேதிகளைத் தேதியாகவே எடுத்துக்கொள்ளாது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். நான் வருடம், மாதம், நாள் என்று தனித்தனிப் பத்தியாகப் போடுகிறேன். A, B, C பத்திகளில் பிறப்பு, D, E, F பத்திகளில் வெளியீடு:

```
=D2-A2-IF(E2*100+F2<B2*100+C2,1,0)
```

காந்திக்கு 1869, 10, 2 என்றும் 1891, 2, 7 என்றும் போட்டுப் பாருங்கள், 21 வர வேண்டும். 22 வந்தால் மாதத்தையும் நாளையும் இடம் மாற்றிப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

அவர் வேறு பெயரில் எழுதியிருந்தால்?

அப்படியானால் பட்டியல் ஒரே நாளில் தலைகீழாகும். ஜோஹன்னஸ்பர்க் இந்தியர்களைப் பற்றிக் கதை எழுதிய அகமது எஸ்ஸோப் 1931-இல் பிறந்தவர். 1978-இல் வந்த சிறுகதைத் தொகுப்பால்தான் அவரைத் தெரிந்துகொண்டோம், அப்போது அவருக்கு 47-ஐ ஒட்டி வயது. ஆனால் 1959-லேயே அகமது யூசுஃப் என்ற பெயரில் ஒரு கவிதைத் தொகுப்பு வெளியிட்டிருந்தார். வயது இருபதுகளின் கடைசிக்கு இறங்குகிறது.

பெயரே போடாமல் எழுதியது இன்னும் கடினம். இந்தியன் ஒப்பீனியனில் பல பத்திகள் கையெழுத்தில்லாமல் வந்தவை. எவை காந்தி எழுதியவை என்பதைத் தொகுப்பாளர்கள் கூட வேலை செய்தவர்களின் சாட்சியையும் நடையையும் வைத்தே முடிவு செய்தார்கள். பெயரில்லாத எழுத்தைப் பட்டியலில் சேர்த்தால், யார் சொல்லிச் சேர்த்தீர்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். வயதுக் கணக்குக்கு அதை மட்டும் நம்பாதீர்கள்.

நம் ஆட்களுக்கு இன்னொரு தொல்லை, ஆங்கில எழுத்துக்கூட்டல். நூலகப் பட்டியலில் முதலியார் என்பதை Moodley, Moodaley, Mudaliar என்று மூன்று விதமாகவும் தட்டித் தேடுங்கள். தகப்பன் பெயர் குடும்பப் பெயராகிவிட்டிருக்கும், அதனால் ஒரே வாத்தியார் இரண்டு ஆளாகப் பிரிந்து கிடப்பார்.

கையில் இருப்பது முதல் பதிப்பா என்று எப்படித் தெரியும்?

'இரண்டாம் பதிப்பு' என்று போட்டிருந்தால் எளிது, முதலாவது எங்கேயோ இருக்கிறது. காந்தி 1896 ஆகஸ்டில் ராஜ்கோட்டில் அச்சிட்ட பச்சை அட்டைப் பிரசுரத்துக்கு, அந்த அக்டோபரில் சென்னை பச்சையப்பன் மண்டபத்தில் பேசிய பிறகு சென்னையிலேயே திருத்திய இரண்டாம் பதிப்பாக 10,000 பிரதி போட்டார். சென்னைப் பிரதி மட்டும் கையில் கிடைத்தவர் இடத்தையும் மாதத்தையும் தவறாக எழுதிவிடுவார். ஒன்றும் போடாத புத்தகத்தில் முன்னுரையைப் படியுங்கள். 'முன்பு வெளிவந்தபோது' என்பது போன்ற ஒரு சொல் எங்காவது இருக்கும்.

டர்பனில் இருந்துகொண்டு எங்கே தேடுவது?

க்வாஸுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி–லுத்துலி ஆவண மையம் இருக்கிறது. தென்னாப்பிரிக்க இந்தியர்களைப் பற்றிய பொருளுக்கு முதலில் அங்கே போங்கள். அப்புறம் பெரியா பகுதியில் கில்லி கேம்ப்பெல் நூலகம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகராட்சி நூலகம், சட்டப்படி நாட்டின் வெளியீடுகளின் பிரதி போய்ச் சேரும் ஐந்து இடங்களில் ஒன்று. சிறு அச்சுக்கூடங்கள் எல்லாம் ஒழுங்காக அனுப்பியிருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கப்பல் பட்டியல் டர்பன் ஆவணக் காப்பகத்தில்.

தமிழ் எழுத்துக்குப் பத்திரிகைகள்தான் சுரங்கம். இந்தியன் ஒப்பீனியன் 1903 ஜூனில் தொடங்கியபோது ஆங்கிலம், குஜராத்தி, இந்தியோடு தமிழிலும் வந்தது. தமிழ்ப் பகுதி 1906-இல் நிறுத்தப்பட்டது. பி. எஸ். அய்யர் 1908-இல் தொடங்கிய ஆஃப்ரிக்கன் கிரானிக்கிளில் ஆங்கிலமும் தமிழும் இருந்தன. பட்டியலில் தேடினால் இவற்றுக்குள் இருக்கும் ஒரு பாட்டோ கடிதமோ வராது. பக்கம் பக்கமாகப் புரட்டித்தான் ஆக வேண்டும்.

பைண்டு செய்த தொகுப்பில் ஒரு கவனம் வேண்டும். நான் ஒரு இடத்தில் பார்த்த பழைய மாத இதழ்களில் அட்டைகளை எல்லாம் கிழித்துவிட்டு உள்பக்கத்தை மட்டும் கட்டியிருந்தார்கள். தேதி அட்டையில் மட்டுமே இருந்தது. பக்க எண் தொடர்ச்சியையும், உள்ளே வந்த தீபாவளி, தைப்பூசம் விளம்பரங்களையும் வைத்து மாதத்தை மீட்க எனக்கு இரண்டு சனிக்கிழமை ஆனது.

எப்போது பட்டியல் முடிந்தது என்று சொல்லலாம்? இன்னும் பழையது ஒன்று வந்துவிட்டால்?

வரும். அதனால் 'முதல் எழுத்து' என்று எழுதாமல் 'கிடைத்தவற்றில் முந்தியது' என்று எழுதுகிறேன். அதற்குக் கீழே எதையெல்லாம் பார்த்தேன், எது கிடைக்கவில்லை என்பதையும் எழுதுகிறேன். அந்த வாத்தியாருக்கு இப்படி இருக்கிறது: அவர் 14 வயதிலிருந்து 37 வரைக்கும் உள்ள காலத்தில் எங்கள் கோயில் விழா மலர்கள் பார்த்தாயிற்று, அவற்றில் 1941, 1942, 1946 மலர்கள் கிடைக்கவில்லை. தமிழ்ப் பள்ளி ஆண்டு மலர்கள் பார்க்கவில்லை.

வேறு யாராவது 1942 மலரைப் பரணிலிருந்து எடுத்து வந்தால், அவர் மறுபடி எல்லாவற்றையும் புரட்ட வேண்டாம், அந்த ஒரு மலரைப் புரட்டினால் போதும். அதில் வாத்தியாரின் பாட்டு இருந்தால் பழைய வரியை அழிக்காமல் அதற்கு மேலே புதிய வரியைச் சேர்த்து, கண்டுபிடித்த நாளையும் எழுதுங்கள். வயது 37-லிருந்து 18-ஆக மாறியது எந்தப் பிரதியால் என்று பிறகு வருகிறவர் பார்க்க முடியும். சாட்ஸ்வர்த், மெரிபேங்க், டொங்காட் பக்கம் யார் வீட்டிலாவது அந்த மூன்று வருட மலர்களில் ஏதாவது இருந்தால், அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, எனக்குக் காட்டுங்கள்.